பதிலைச் சொல்லிவிடும் கேள்வித்தாள்: நர்சிங் தேர்வில் எதைச் சோதிக்கிறோம்?

"பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குள்ள தாய்க்கு ஒரு செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன?" நர்சிங் கேள்வித்தாள்களில் அடிக்கடி வரும் வகைக் கேள்வி இது. கருப்பையைத் தேய்த்துவிடுவது, உதவிக்கு ஆள் கூப்பிடுவது, ஆக்ஸிடோசின் என்று மாணவி வரிசையாக எழுதிவிடுவார். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

ஆனால் லேபர் வார்டில் எந்தத் தாயும் "எனக்கு ரத்தப்போக்கு" என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பதில்லை. அங்கே இருப்பது ஒரு நாடித்துடிப்பு, ஒரு நனைந்த பேட், "லேசா தலை சுத்துது சிஸ்டர்" என்ற ஒரு வார்த்தை. இவற்றிலிருந்து ஆபத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் கஷ்டமான பகுதி. நோயின் பெயரைக் கேள்வியிலேயே எழுதிக் கொடுப்பவர், அந்தப் பகுதியை மாணவிக்காகத் தாமே செய்து முடித்துவிடுகிறார்.

அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் மாற்றப்பட்டதற்குப் பின்னால் இருப்பதும் இந்தச் சிக்கல்தான். அதில் இப்போது ஒரே நோயாளியின் கதை விரிந்துகொண்டே போக, அதையொட்டி 6 கேள்விகள் வருகின்றன. அறிகுறிகளைக் கவனிப்பது, அவற்றுக்குப் பொருள் காண்பது, எது அவசரம் என்று முடிவெடுப்பது, என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பது, செய்வது, செய்தது பலித்ததா என்று பார்ப்பது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி. வெளிநாடு போகிறவர்களுக்கான சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இங்குள்ள கல்லூரிகளின் மாதத் தேர்வுக்கும் இதே முறையில் கேள்வி எழுதலாம்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 26 வயது, இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம். நீண்ட நேர வலிக்குப் பிறகு 3.9 கிலோ எடையில் குழந்தை. நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது. இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. கேஸ் ஷீட்டில் 10 விவரங்கள் இருக்கின்றன. பிரசவத்தின்போது 88 ஆக இருந்த நாடித்துடிப்பு இப்போது 116. ரத்த அழுத்தம் அப்போது 114/72, இப்போது 112/70. 15 நிமிடத்தில் ஒரு பேட் முழுதாக நனைந்திருக்கிறது. கருப்பை மெத்தென்று இருக்கிறது. தொப்புளுக்கு மேலே, வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. 5 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. உடல் வெப்பம் 99 டிகிரி, லேசான நடுக்கம், பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்ற வலி, கணுக்காலில் சிறு வீக்கம்.

முதல் கேள்வி: இவற்றில் உடனே கவனிக்க வேண்டியவை எவை? நோயின் பெயர் எங்கேயும் இல்லை. பதில் ஐந்து: நாடித்துடிப்பு, பேட், மெத்தென்ற கருப்பை, அது ஒதுங்கி நிற்கும் இடம், சிறுநீர் போகாதது. மற்ற ஐந்தும் அப்போதைக்கு அவசரமற்றவை. நடுக்கம் பல தாய்மார்களுக்குப் பிரசவம் முடிந்ததும் வரும். பால் கொடுக்கும்போது வரும் வலி கருப்பை சுருங்குவதால் வருவது.

இதில் வேண்டுமென்றே வைத்த பொறி ரத்த அழுத்தம். "பி.பி. நார்மலாத்தானே இருக்கு மேடம்?" என்று ஆறுதல் அடையும் மாணவி, வார்டிலும் அப்படித்தான் ஆறுதல் அடைவார். ஆரோக்கியமான இளம் தாயின் உடல், ரத்தம் கணிசமாகப் போகும்வரை அழுத்தத்தைத் தாக்குப்பிடித்து வைத்திருக்கும். முதலில் ஏறுவது நாடித்துடிப்புதான். பொறி வைக்கும்போது கேள்வி எழுதுபவருக்கும் கவனம் தேவை. 112/70 என்பதற்குப் பதிலாக 102/64 என்று எழுதினால், "அழுத்தம் இறங்குகிறதே, அதுவும் அவசரம்தானே" என்று ஒரு நல்ல மாணவி வாதிடலாம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அதனால் விடையைப் பார்க்காமல் லேபர் வார்டு அனுபவமுள்ள இரண்டு பேரைத் தனித்தனியாக எழுதச் சொல்லிப் பார்ப்பது நல்லது. அவர்கள் பதில் வேறுபட்டால், திருத்த வேண்டியது கேள்வியை.

"எதற்கும் எல்லாத்தையும் டிக் பண்ணிடுவோம்" என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சரியானதற்கு ஒரு மதிப்பெண் கூட்டி, தவறானதற்கு ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. பத்தையும் டிக் செய்தவருக்கு ஐந்து கூடி ஐந்து கழிந்து, மிச்சம் ஒன்றுமில்லை. ஆபத்தானதையும் அல்லாததையும் பிரிக்கத் தெரியாதவருக்கு அதுதான் நியாயமான மதிப்பெண்.

இரண்டாம், மூன்றாம் கேள்விகள் அந்த ஐந்தையும் கோத்துப் பார்க்கச் சொல்பவை. சிறுநீர்ப்பை நிரம்பி, கருப்பையை ஒரு பக்கமாகத் தள்ளி, அதைச் சுருங்க விடாமல் தடுக்கிறது. சுருங்காத கருப்பையிலிருந்து ரத்தம் போகிறது. "ரத்தம் போகுது" என்று மட்டும் எழுதியவரையும் "ஏன் போகுது" என்று பிடித்தவரையும் இங்கேதான் பிரித்துப் பார்க்க முடியும்.

நான்காவதிலும் ஐந்தாவதிலும் நம் ஊர் மாணவிகள் தப்பித்துக்கொள்ளும் கதவு ஒன்று இருக்கிறது: "டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும்." இது எப்போதுமே சரியான பதில்; அதனாலேயே எதையும் சோதிக்காத பதில். அந்தக் கதவைக் கதைக்குள்ளேயே மூடிவிடலாம். "டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது, தியேட்டரில் இருக்கிறார், வர 10 நிமிடம் ஆகும்" என்று ஒரு வரி போதும். அந்தப் பத்து நிமிடத்தில் செவிலியர் என்ன செய்வார்? ஒரு கையால் கருப்பையின் கீழ்ப்பகுதியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தேய்த்துவிடுவது, உடனிருப்பவரை உதவிக்கு அழைப்பது, சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, நிலையான உத்தரவுப்படி ஆக்ஸிடோசின் தருவது. "தாயை நடத்திக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது" என்றும் ஒரு தேர்வை வைக்கலாம். கேட்க நல்ல யோசனை போலவே இருக்கும். 116 நாடித்துடிப்போடு தலைசுற்றும் பெண்ணை எழுப்பி நடக்கவைத்தால் அவர் வழியிலேயே விழுந்துவிடலாம், கேத்தீட்டர்தான் சரி.

கேள்வி உண்மையிலேயே யோசிக்கவைக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தத்தை 156/100 ஆக்கினால், ரத்தப்போக்குக்கு வழக்கமாகத் தரும் மெத்தர்ஜின் ஊசி ஆகாததாகிவிடும். கதையில் என்ன மாற்றினாலும் பதில் மாறவில்லை என்றால், அந்தக் கதை வெறும் அலங்காரம்.

ஆறாவது கேள்வியைப் பலரும் "தாயின் நிலை சீரானது" என்று முடித்துவிடுகிறார்கள். அது வீணான வாய்ப்பு. இப்படி எழுதிப் பார்க்கலாம்: கேத்தீட்டர் போட்டு 700 மில்லி சிறுநீர் வந்தது. கருப்பை இறுகிவிட்டது, நடுவில், தொப்புள் மட்டத்தில் இருக்கிறது. ஆனால் சிவந்த ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது, நாடித்துடிப்பு 120. செய்தது பலித்ததா? கருப்பையைப் பொறுத்தவரை பலித்தது. தாயைப் பொறுத்தவரை இல்லை. இறுகிய கருப்பையோடு ரத்தம் நிற்கவில்லை என்றால், கருப்பை வாயிலோ பிறப்புப் பாதையிலோ கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மாணவி மூன்றாம் படிக்குத் திரும்பிப் போகிறாரா, "மசாஜைத் தொடர வேண்டும்" என்று எழுதுகிறாரா என்பது இங்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். கணினித் தேர்வில் முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாதபடி செய்துவிடலாம். காகிதத்தில் ஆறு கேள்விகளையும் ஒரே தாளில் அச்சடித்தால், ஐந்தாம் கேள்வியில் உள்ள 'ஆக்ஸிடோசின்' முதல் கேள்வியின் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித் தாளில் கொடுத்து, எழுதியதும் வாங்கிக்கொண்டு, அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அடுத்த தாளின் மேலே அதுவரை நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிட்டால், முந்தையதில் தவறியவரும் கதையைத் தொடர முடியும். 60 பேர் உள்ள வகுப்பில் இது ஆசிரியருக்குக் கூடுதல் வேலைதான். பருவத்துக்கு நான்கு கேஸ் போதும். ஒரு கேஸை ஒழுங்காக எழுதித் திருத்த ஒரு வாரம் ஆனாலும் ஆகும்.