சும்மா இருந்தால் 5 லட்சம்! ஆப்ஷன் வாங்கியவருக்குக் கடைசி நாளில் நடப்பது என்ன?

அஞ்செட்டியிலிருந்து ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் கையிலும் இன்று பங்குச் சந்தை இருக்கிறது. செல்போன்தான் சந்தை! சில ஆயிரம் ரூபாயில் ஆப்ஷன் வாங்கி விடலாம். ஆனால், கெடு முடியும் நாளில் அதை விற்காமல் சும்மா இருந்தால் என்ன ஆகும்?

"போனால் பிரீமியம் போகும், அவ்வளவுதானே?" என்கிறார்கள் பலர். அது பாதி உண்மைதான்.

நிப்டியில் பணம்

நிப்டி 25,000-க்கு ஒருவர் 'கால்' வாங்குகிறார். பிரீமியம் 100 ரூபாய். லாட் 65 என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டியது 6,500 ரூபாய்.

கடைசி நாளில் நிப்டி 24,990-ல் முடிந்தால் 6,500-ம் போச்சு. 25,040-ல் முடிந்தால் 40 புள்ளிக்கு 2,600 ரூபாய் தானாகவே கணக்கில் வரும். அவர் கேட்க வேண்டியதில்லை. பிரீமியத்தைக் கழித்தால் நஷ்டம் 3,900. வரியும் கட்டணமும் தனி.

இங்கே எல்லாம் பணத்தோடு முடிகிறது.

பங்கில் சரக்கு

தனிப் பங்கு ஆப்ஷன் அப்படி அல்ல. 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களிலும் பங்கே கைமாறுகிறது.

ஓசூரில் கடிகாரம் செய்யும் டைட்டனையே எடுத்துக்கொள்வோம். 3,000 ரூபாய் விலைக்கு ஒரு 'கால்', பிரீமியம் 20, லாட் 175 என்போம். முதலீடு 3,500 ரூபாய். கடைசி நாளில் பங்கு 3,005-ல் முடிகிறது. லாபம் போலத் தெரிவது 875 ரூபாய். ஆனால் அவர் 175 பங்குகளையும் வாங்கியே தீர வேண்டும். தேவை 5,25,000 ரூபாய்!

'புட்' வாங்கியவர் பாடு இன்னும் திண்டாட்டம். அவர் பங்கைக் கொடுக்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் சந்தை ஏலத்தில் வாங்கி, விலையை அவர் தலையில் கட்டும்.

2021 டிசம்பர் 30 அன்று இதுவே நடந்தது. ஹிண்டால்கோ பங்கு கடைசி வேளையில் 470 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இறங்கியது. செல்லாக்காசு என்று விட்டு வைத்த 470 'புட்'கள் உயிர் பெற்றன. வைத்திருந்தவர்கள் பங்குக்கு அலைந்தார்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் வசதி அதே ஆண்டு அக்டோபரில்தான் நீக்கப்பட்டிருந்தது. 2022 ஏப்ரலில் அது திரும்பி வந்தது. 2023 மார்ச்சில் மறுபடியும் போய்விட்டது.

முன்னறிவிப்பு உண்டு

கெடுவுக்கு நான்கு நாள் முன்பிருந்தே புரோக்கர் கூடுதல் மார்ஜின் கேட்பார். நாளுக்கு நாள் தொகை ஏறும். அதுதான் அபாய மணி.

ஒப்பந்த விலைக்குப் பக்கத்தில் பங்கு ஊசலாடினால், கடைசி நாள் மாலை 3.30-க்குள் கிடைத்த விலைக்கு விற்றுவிடுவதே வழி. 10 காசு கிடைத்தாலும் சரி. அந்த 10 காசோடு 5 லட்ச ரூபாய்ப் பொறுப்பும் கைமாறிவிடும்!