சாயல் சாட்சி ஆகாது

புதுப் பாட்டு ஒன்று வெளியாகி அரை நாள்கூட ஆகியிருக்காது. "டேய், இது அந்தப் பாட்டுல இருந்து சுட்டதுடா" என்று ஒருவன் ஆரம்பித்துவைப்பான். சாயங்காலத்துக்குள் இசையமைப்பாளர் திருடன் ஆகிவிடுவார். ஆதாரம் என்ன என்று கேட்டால், "கேட்டாலே தெரியுதே!" என்று பதில் வரும். அதே ஆள் மறுநாள் பிரிட்னி ஸ்பியர்ஸ் பாட்டில் நம்மூர் வயலின் இருக்கிறது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். உள்ளூர்க்காரன் எடுத்தால் திருட்டு, வெள்ளைக்காரன் எடுத்தால் பெருமை. இந்த இரட்டை நாக்கைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. இந்த இரண்டு கூச்சலிலும் எது எடுக்கப்பட்டது, எங்கிருந்து, எந்த வடிவில் என்று யாரும் பார்ப்பதே இல்லை.

"காப்பி" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் மூன்று வேறு விஷயங்களைப் போட்டு அமுக்கிவைத்திருக்கிறோம். ஒன்று, சாயல். ஒரே ராகம், ஒரே தாளக்கட்டு, ஒரு சுரவரிசை கொஞ்சம் ஒத்துப்போகும். இரண்டாவது, மறுவாசிப்பு. இலக்கியக்காரர்கள் சொல்லும் மறுவாசிப்பு அல்ல. பழைய மெட்டைப் புது ஆட்களை வைத்து நிஜமாகவே மறுபடி வாசித்தது. மூன்றாவதுதான் சாம்பிள். பழைய ஒலிப்பதிவையே வெட்டியெடுத்துப் புதுப் பாட்டுக்குள் ஒட்டுவது. சாம்பிளில் மெட்டு மட்டும் வருவதில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களின் கையும் மூச்சும் சேர்ந்தே வருகின்றன.

ஒரே பாட்டில் இரண்டுமே இருக்கலாம். 2007இல் வந்த எம்.ஐ.ஏ.வின் 'காலா' தொகுப்பின் முதல் பாட்டு 'பாம்பூ பங்கா'. ஈழத்து வேர்கொண்ட அந்தப் பாடகி அதில் ஜோனதன் ரிச்மனின் 'ரோட்ரன்னர்' வரிகளைத் தன் குரலில் மாற்றிச் சொல்கிறார். அது மறுவாசிப்பு. அதே பாட்டுக்குள் 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' ஒலிப்பதிவின் துண்டும் இருக்கிறது. அது சாம்பிள். இளையராஜா இசையில், வாலி எழுதி, எஸ்.பி.பி.யும் யேசுதாசும் பாடியது. தொகுப்பின் குறிப்புகளிலேயே இரண்டும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அவர்கள் பிரித்து எழுதியதை நாம் "காப்பி" என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம்.

சட்டமும் இதைப் பிரித்தே பார்க்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் (1957) இசைப் படைப்பு ஒரு சொத்து, ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. மெட்டை மறுபடி வாசித்தால் படைப்பின் உரிமையாளரிடம் போகவேண்டும். பதிவையே வெட்டி ஒட்டினால் பதிவின் உரிமையாளரிடமும் போகவேண்டும். ஆக, "எது நடந்தது?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் "யாருக்கு அநியாயம் நடந்தது?" என்ற கேள்விக்கே போகமுடியாது.

*

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? உலகமே கேட்ட ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்னி ஸ்பியர்ஸின் 'டாக்ஸிக்', 2004இல் தனிப்பாட்டாக வெளியானது. தயாரித்தவர்கள் பிளட்ஷை அண்ட் அவாண்ட் என்ற சுவீடன் இரட்டையர். அதில் கூர்மையாகக் கீறிக்கொண்டு வருமே ஒரு வயலின் கூட்டம், அது 'ஏக் தூஜே கே லியே' (1981) படத்தின் 'தேரே மேரே பீச் மே' பாட்டிலிருந்து வந்தது. படம் கே. பாலச்சந்தருடையது, நாயகன் கமல்ஹாசன், இசை லக்ஷ்மிகாந்த் - பியாரேலால். லதா மங்கேஷ்கரோடு எஸ்.பி.பி. பாடி தேசிய விருதும் வாங்கினார்.

இந்தச் செய்தி யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, முதலிலிருந்து தேடுவோம்.

முதல் வேலை, புதுப் பாட்டில் அந்தத் துண்டு எங்கே தனியாக நிற்கிறது என்று பார்ப்பது. டிரம்மும் பேஸும் மேலே ஏறியபிறகு எதுவும் தெளிவாகக் கேட்காது. ஆரம்பம், இடையில் தாளம் நிற்கும் இடம், முடிவு ஆகிய மூன்றையும் துழாவவேண்டும். 'டாக்ஸிக்' தொடக்கத்திலேயே வயலினைக் கையில் கொடுத்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பழைய பாட்டில் எங்கே தேடுவது என்று யோசிப்பது. இங்கேதான் நம்மாட்கள் தப்புப் பண்ணுகிறார்கள். பாட்டு என்றாலே நமக்குப் பல்லவிதான் ஞாபகம் வரும். 2003 வாக்கில் ஒரு பதிவிலிருந்து குரலைச் சுத்தமாக உரித்தெடுக்கும் வசதி கிடையாது. அப்படியென்றால் வெட்டுகிறவன் குரல் இல்லாத இடத்தில்தான் கத்தியை வைத்திருப்பான். முன்னிசை, சரணங்களுக்கு நடுவே வரும் இடையிசை, முடிவு. நாம் டீ குடிக்க எழுந்துபோகும் இடங்கள் இவை. 'தேரே மேரே'யின் பல்லவியை நூறு தடவை கேட்டாலும் 'டாக்ஸிக்' அகப்படாது. இன்றைக்குக் குரலைப் பிரிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டதால், புதிய பாட்டுகளுக்கு இந்தக் குறுக்குவழி அவ்வளவாக உதவாது. அன்றைய பாட்டுகளுக்கு உதவும்.

மூன்றாவது, துண்டைத் துண்டாக்கிப் பார்ப்பது. 'டாக்ஸிக்'கின் வயலின் சொற்றொடர், பழைய பாட்டில் அதே வடிவில் முழுசாக எங்கேயும் இல்லை. இரண்டு வேறு இடங்களிலிருந்து வெட்டியதை ஒட்டி அதை உண்டாக்கியிருக்கிறார்கள். முழுச் சொற்றொடரையும் மனசில் வைத்துத் தேடுகிறவன், பாதி ஒத்துப்போய் மீதி ஒத்துப்போகாததைக் கேட்டு "வேற பாட்டு போல" என்று கைவிட்டுவிடுவான். பாதி ஒத்துப்போனால், மீதிப் பாதியைத் தனியாக எடுத்துக்கொண்டு அதே பழைய பாட்டின் வேறு இடங்களில் தேடவேண்டும். ஒட்டுப்போட்ட இடத்தை உற்றுக் கேட்டால் ஒரு சுரத்தின் எதிரொலி முழுசாக அடங்குவதற்குள் அடுத்த சுரம் வந்து உட்கார்வது தெரியும். வாசிக்கிற கை அப்படி நிறுத்தாது, கத்திரிதான் நிறுத்தும்.

நான்காவது, சுருதியும் வேகமும். ஒலிநாடாவையோ இசைத்தட்டையோ வேகமாக ஓட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும். அரைச் சுரம் ஏற வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடவேண்டும். பழைய துண்டு நிமிடத்துக்கு 100 தட்டு, புதியது 112 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே வேகத்தைக் கூட்டியிருந்தால் சுருதி இரண்டு அரைச் சுரம் ஏறியிருக்கும். கணக்கு இப்படிச் சரியாக விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. விழாவிட்டால் சாம்பிள் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது, ஏனென்றால் கணினியில் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். அப்படி இழுத்திருந்தால் வில் தந்தியில் விழும் முதல் நொடி மழுங்கிக் கேட்கும்.

நம் ஞாபகத்தையும் இங்கே நம்பக்கூடாது. கேசட் காலத்தில் கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்களில் ரெக்கார்டிங் கடைக்காரர் பதிந்துகொடுத்ததுதான் நமக்குப் பாட்டு. ஒவ்வொரு டெக்கும் ஒவ்வொரு வேகம். மாமா வீட்டு டேப்பில் கேட்ட சுருதியை மனசில் வைத்துக்கொண்டு "இது அது இல்ல" என்று சத்தியம் பண்ணுவது வீண்வேலை.

இதெல்லாம் வழிகாட்டும் குறிப்புகள்தான். ஐந்தாவதாக வரும் விபத்துகள்தான் சாட்சி. வேகத்தைச் சரிசெய்து இரண்டு துண்டுகளையும் அடுத்தடுத்து ஓடவிடவேண்டும். மெட்டைக் கேட்கக்கூடாது, மெட்டு இல்லாததைக் கேட்கவேண்டும். எந்த வயலின் ஒரு இழை பிந்தி வருகிறது, எந்த இடத்தில் வில் உரசுகிறது, பின்னால் மெலிதாக வேறு எந்த வாத்தியம் கசிகிறது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பலர் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசித்ததால், ஒருவர் மைக்கில் இன்னொருவர் சத்தமும் விழும். மெட்டை இன்னொருவன் வாசிக்கலாம். அந்தக் கசிவை யாரும் மறுபடி வாசிக்க முடியாது. இவை அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தால் அது அதே பதிவு.

இன்னும் ஒரு சோதனை உண்டு. ஒரு துண்டின் அலையைத் தலைகீழாக்கி இன்னொன்றின் மேல் வைத்தால், இரண்டிலும் பொதுவாக உள்ள சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வயலின் சத்தம் சட்டென்று தாழ்ந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம். சுருதி மாற்றி, எதிரொலி பூசிய துண்டுகளில் இது பெரும்பாலும் வேலை செய்யாது. ஆகவே தோற்றால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

இவ்வளவு செய்தபிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். அனுமதி வாங்கினார்களா? அது காகிதத்தில் பார்க்கவேண்டியது, காதால் தீராது. சாம்பிளைக் கண்டுபிடித்ததும் திருட்டைக் கண்டுபிடித்ததும் ஒன்றல்ல.

*

"இவ்வளவு மெனக்கெடணுமா? ரசிகன்தானே நான்" என்பீர்கள். ரசிப்பதற்கு ஒன்றும் வேண்டாம். குற்றம் சாட்டுவதற்கு வேண்டும்.

காரணம் சொல்கிறேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்த் திருவிழா ஒன்றில் அடிக்கும் மேளத்தை யாரோ போனில் பதிந்துகொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து ஒரு சினிமாப் பாட்டின் அடியில் அந்த அடி ஓடுகிறது. ஊர்ப் பையன் ஒருவன் "இது எங்க மேளம்" என்கிறான். அவனுக்கு என்ன பதில் வரும்? "இந்த அடி எல்லா ஊர்லயும் இருக்குப்பா." அது உண்மையும்கூட. தாளக்கட்டு யாருடைய சொத்தும் இல்லை. சாயலை வைத்துப் பேசினால் அந்தப் பையன் முதல் சுற்றிலேயே தோற்பான்.

அவன் ஜெயிக்க ஒரே வழி அந்தக் குறிப்பிட்ட பதிவு. மூன்றாவது அடிக்குப் பின்னால் கேட்ட விசில், ஜெனரேட்டரின் உறுமல், குச்சி விளிம்பில் பட்ட அந்த ஒரு தப்படி. இவை பாட்டின் அடியிலும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் கேட்டால், "எல்லா ஊர்லயும் இருக்கு" என்ற வாதம் உடைந்துவிடும். அதற்கு ஊரிடமும் ஒரு பதிவு, தேதியோடு, இருக்கவேண்டும்.

பெரிய இசையமைப்பாளருக்கு வக்கீல் இருக்கிறார், நிறுவனம் இருக்கிறது. 2002இல் வந்த ட்ரூத் ஹர்ட்ஸின் 'அடிக்டிவ்' பாட்டில் தன் இசை இருந்ததற்காக பப்பி லஹிரி தரப்பு அமெரிக்க நீதிமன்றம்வரை போனது. அவர் பெயரைப் போடாமல் அந்த வட்டை விற்கக்கூடாது என்று உத்தரவும் வாங்கியது. மேளக்காரருக்கும், 'தேரே மேரே'யில் பின்வரிசையில் உட்கார்ந்து வில் இழுத்தவருக்கும் யார் இருக்கிறார்கள்? 'டாக்ஸிக்'கில் கேட்பது எஸ்.பி.பி.யின் குரலோ லதாவின் குரலோ அல்ல. பெயர் தெரியாத அந்த வயலின்காரர்களின் கைகள்தான் கேட்கின்றன. நாமோ "எஸ்.பி.பி. பாட்டு பிரிட்னிகிட்ட" என்று கொண்டாடுகிறோம்.

வாரத்துக்கு மூன்று பாட்டை "காப்பி" என்று கத்தும் கூட்டத்தில், நிஜமாக எடுக்கப்பட்டவனின் குரல் நான்காவது கூச்சலாகத்தான் விழும். அடுத்த தடவை "சுட்டுட்டான்" என்று சொல்ல வாய் வரும்போது மூன்று கேள்விகளுக்குப் பதிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பாட்டில் எந்த நொடி? புதிய பாட்டில் எந்த நொடி? இரண்டிலும் கேட்கும் விபத்து எது? சொல்ல முடியாவிட்டால் "எனக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வருது" என்று சொல்லுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.