கை அசைந்தால்தான் நடை!

காலை நிகழ்ச்சிக்காக 4 மணிக்கே எழுபவள் நான். தூக்கத்தைக் கணக்குப் பார்க்க ஸ்மார்ட் வாட்ச் வாங்கி ஒரு மாதமாகிறது.

பேரங்காடியில் டிராலியைத் தள்ளியபடி நானே எண்ணி 200 அடி நடந்தேன். வாட்ச் 70 என்றது. கைவீசி நடந்தபோது 196. கையசைவைத்தான் அது எண்ணுகிறது.

படுத்தபடி அசையாமல் படம் பார்த்ததையும் தூக்கத்தில் சேர்த்துவிட்டது. படுத்த, எழுந்த நேரத்தை ஓரளவு நம்பலாம். ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு என்பது ஊகம்தான். மூளை அலைகளை அது அளப்பதில்லை.

பெட்டியில் ‘14 நாள் பேட்டரி’ என்றிருந்தது. திரை எப்போதும் ஒளிர, இரவெல்லாம் ஆக்சிஜன் அளக்க விட்டதில் 5 நாள்தான். இரண்டையும் நிறுத்தினேன், 11 நாள் வந்தது.

ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கவலைப்படாமல், வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள்.