வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கான முழுச் செலவையும் ரசீதில் காட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
வெளிநாட்டு வேலைக்குச் சென்றோரின் குடும்பத்தினர் சங்கம்,
தென்காசி – குற்றாலம் வட்டாரம்.

பெறுநர்:
1. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தென்காசி மாவட்டம்.
2. முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள், தென்காசி மாவட்டம்.

நகல்: அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணத்தில், கட்டணமாகவும் நாணய மாற்று விகிதத்திலும் பிடிக்கப்படும் தொகையை வெளிப்படையாகக் காட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, குற்றாலம் பகுதிகளில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒருவராவது வேலை பார்க்கும் குடும்பங்கள் ஏராளம். கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தது 1941-ஆம் ஆண்டிலேயே. ரிசர்வ் வங்கியின் 2023-24-ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பின்படி, இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம் நமக்குத்தான்.

அந்தப் பணம் வந்து சேர்வதில் எங்களுக்குக் குறையில்லை. வரும் வழியில் எவ்வளவு குறைந்தது என்பது அனுப்பியவருக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை. அதுவே எங்கள் குறை. எங்கள் உறுப்பினர் ஒருவர் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார். துபாயிலிருந்து கணவர் அனுப்பிய பணத்துக்கு நேராக NEFT என்ற எழுத்துகளும், ஒரு நீண்ட எண்ணும், ரூபாய்த் தொகையும் மட்டுமே இருந்தன. எத்தனை திர்ஹம் அனுப்பப்பட்டது, என்ன ரேட்டில் மாற்றப்பட்டது என்று ஒரு வரிகூட இல்லை. "இலவசமாகத்தான் அனுப்பினேன், கமிஷன் எதுவும் இல்லை" என்று கணவர் போனில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மைதான். கமிஷன் என்ற பெயரில் எதுவும் பிடிக்கவில்லை. பிடித்ததெல்லாம் ரேட்டில்தான்.

இதை ஒரு கணக்கால் விளக்குகிறோம். ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம், 1 டாலருக்கு 3.6725 என்ற நிலையான மதிப்பில் கட்டப்பட்டது. ஆகவே அன்றைய டாலர் மதிப்பை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹத்தின் சந்தை மதிப்பு கிடைத்துவிடும். சவூதி ரியாலுக்கு 3.75-ஆல் வகுக்க வேண்டும். டாலருக்கான குறிப்பு விகிதத்தை FBIL நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் வெளியிடுகிறது. உதாரணத்துக்கு டாலர் ரூ.88.14 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 திர்ஹம் சரியாக ரூ.24.

ஒரு எக்ஸ்சேஞ்ச் கடையில் கட்டணம் 20 திர்ஹம், அதன்மேல் அந்நாட்டு வரி 5 சதவீதம், ஆக 21 திர்ஹம். அங்கே தரும் ரேட் ரூ.23.85. இன்னொரு செயலியில் கட்டணமே இல்லை, ரேட் ரூ.23.40. இந்த எண்கள் கணக்கு புரிவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் இழப்பு இப்படி அமைகிறது:

| அனுப்பும் தொகை | எக்ஸ்சேஞ்ச் கடையில் இழப்பு | கட்டணமில்லாச் செயலியில் இழப்பு |
|---|---|---|
| 1,000 திர்ஹம் | ரூ.654 | ரூ.600 |
| 3,000 திர்ஹம் | ரூ.954 | ரூ.1,800 |

கடையின் கட்டணம் எவ்வளவு அனுப்பினாலும் ஒன்றுதான். ரேட்டில் பிடிப்பதோ தொகையோடு சேர்ந்து வளர்கிறது. ஆயிரம் திர்ஹத்தில் சற்று மலிவாக இருந்த 'இலவசம்', மூவாயிரத்தில் ஏறக்குறைய இரு மடங்குச் செலவாகிவிடுகிறது. இந்த எண்களின்படி 1,120 திர்ஹத்தில் இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேல் கட்டணம் வாங்கும் கடையே லாபம். கட்டணத்தை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவர் இதை அறிய வாய்ப்பே இல்லை.

வங்கியிலிருந்து வங்கிக்கு டாலராக அனுப்பும் வழியில் இன்னும் சில பிடித்தங்கள் உண்டு. திர்ஹம் முதலில் டாலராகிறது. நடுவில் உள்ள வங்கி தன் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். பிறகு இங்குள்ள வங்கி டாலரைத் தன் 'டிடி வாங்கும் விகிதத்தில்' ரூபாயாக்குகிறது. இப்படி இங்கே மாற்றும்போது ஜிஎஸ்டியும் சேரும். ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றிய தொகையில் 1 சதவீதத்தை, குறைந்தது ரூ.250-ஐ, சேவையின் மதிப்பாக வைத்து அதன்மேல் 18 சதவீதம் வரி. ஆக ரூ.24,000-க்கு வரி ரூ.45, ரூ.72,000-க்கு ஏறக்குறைய ரூ.130. வரி சிறியதுதான். ஆனால் கணக்கில் தனியாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் அது ஒன்றே என்பதால், மொத்தச் செலவும் அவ்வளவுதான் என்று மக்கள் நினைத்துவிடுகிறார்கள்.

இப்படிச் சேர்த்துக் கணக்கிடுவது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. உலக வங்கி பணம் அனுப்பும் செலவை அளக்கும்போது கட்டணத்தையும் மாற்று விகித வித்தியாசத்தையும் கூட்டியே சொல்கிறது. இந்தச் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. ரேட் தெரியாத ஊரில் அந்த 3 சதவீதம் எட்டப்பட்டதா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. கணக்குத் தெரியாத குழப்பத்தில் சிலர் உண்டியல்காரரிடம் போய்விடுகிறார்கள். அது சட்டவிரோதம். பணம் போனால் கேட்க இடமும் இல்லை.

எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்:

1. வெளிநாட்டுப் பணம் இங்குள்ள கிளையில் ரூபாயாக மாற்றப்படும்போது, வந்த வெளிநாட்டுத் தொகை, அன்றைய குறிப்பு விகிதம், வங்கி கொடுத்த விகிதம், இரண்டுக்குமுள்ள வித்தியாசம் ரூபாயில், கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகத் தமிழில் காட்டும் ரசீது தர வேண்டும்.

2. தென்காசி, குற்றாலம், கடையநல்லூர், செங்கோட்டைக் கிளைகளில் டாலர், திர்ஹம், ரியால், சிங்கப்பூர் வெள்ளி ஆகியவற்றின் அன்றைய வாங்கும் விகிதத்தைக் குறிப்பு விகிதத்தோடு அருகருகே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

3. எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் அனுப்பும் பணத்தில் மாற்று அங்கேயே முடிந்து ரூபாயாகத்தான் வருகிறது. அங்கே ரேட்டில் பிடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கு இல்லை என்பதை அறிவோம். ஆனால் அவற்றோடு ஒப்பந்தம் வைத்திருப்பவை இந்திய வங்கிகளே. பணம் வரவானதும் போகும் குறுஞ்செய்தியில் வெளிநாட்டுத் தொகையும் ரேட்டும் இடம்பெறச் செய்யுமாறு ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

4. சிங்கப்பூரின் PayNow வசதி நம் UPI-யுடன் 21.02.2023 அன்று இணைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே அதில் பணம் பெறச் சேர்ந்த வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு. இந்த வசதியைக் கணக்கில் இயக்கிக் கொடுக்கவும், அதன் ரேட்டையும் மற்ற வழிகளோடு ஒப்பிட்டுச் சொல்லவும் கிளைகளில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

5. மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாகச் சேர்த்து, எங்கள் சங்கத்திலிருந்து இருவரை அழைக்க வேண்டும். உறுப்பினர்கள் தாங்களே முன்வந்து தரும் ரசீதுகளைத் திரட்டி அங்கே சமர்ப்பிப்போம்.

எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கும் கேள்வி ஒன்றே: "என் கையை விட்டு மொத்தம் எத்தனை திர்ஹம் போகிறது, வீட்டில் எத்தனை ரூபாய் விழுகிறது?" அனுப்பும் இடத்தில் அவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு, வாங்கும் இடத்து ரசீதிலும் விடை இருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: தென்காசி