பன்னிரண்டு நாட்களுக்காக இடாப்பில் பொய் எழுதச் சொல்லாதீர்கள்



உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் எங்களிடம் வரும் பெற்றோர் சிலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சேர், இடாப்பில கொஞ்சம் பார்த்துச் செய்ய ஏலாதா?" கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கேட்பது என்ன என்று வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். ஒரு கணக்கு பார்ப்போம். பாடசாலை நடந்த நாட்கள் 380 என்றால், வர வேண்டியது 304. பிள்ளை வந்தது 292, அதாவது 76.8 வீதம். குறைவது 12 நாட்கள். அந்தப் பிள்ளை டெங்குக் காய்ச்சலால் 16 நாட்கள் வவுனியா வைத்தியசாலையிலும் வீட்டிலும் படுத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, "பிள்ளை வரவில்லை, காரணம் இது, சான்று இது, விலக்களியுங்கள்" என்று எழுதிக் கேட்பது. மற்றது, 12 இடத்தில் வராத குறியை வந்த குறியாக மாற்றுவது. முதலாவது உண்மையைச் சொல்லிச் சலுகை கேட்கிறது. இரண்டாவது, பிள்ளை நோயாகவே இருக்கவில்லை என்று எழுதிவைக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. இடாப்பை மாற்றிய பிறகு உங்கள் கையில் உள்ள வைத்தியசாலை அட்டை பிள்ளைக்கு உதவாது. வார்ட்டில் கிடந்த திகதியில் வகுப்பில் இருந்ததாக இடாப்பு சொன்னால், அந்த அட்டையே பொய்க்குச் சாட்சியாகிவிடும்.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார்கள். ஒரு குறியை மாற்றினால் அன்றைய மொத்தத்தையும் மாற்ற வேண்டும். பிறகு மாத வீதம் இடிக்கும். வீட்டுக்கு அனுப்பிய தவணை அறிக்கையில் பழைய எண்ணிக்கை அப்படியே இருக்கும். நேர்மையான திருத்தம் வேறு. பாடசாலை சார்பாக விளையாட்டுப் போட்டிக்குப் போன நாள் தவறி விடுபட்டிருந்தால், பழைய குறி தெரியும்படி ஒரு கோடு கீறி, திகதியிட்டு, கடிதத்தை இணைத்து, அதிபரின் ஒப்பத்தோடு திருத்தலாம். சுரண்டி அழித்து மேலே எழுதியது திருத்தமல்ல. அது போலி ஆவணம். அதற்கு ஒப்பமிடும் வகுப்பாசிரியரும் அதிபரும் தங்கள் தொழிலையே பணயம் வைக்கிறார்கள்.

இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 75 வீத வரவு கேட்கிறது. கடும் நோய், பெற்றோர் மரணம் போன்றவற்றுக்கு ஆவணத்தோடு விண்ணப்பித்தால் விலக்கும் தருகிறது. அதே வாரியம் 2024 செப்டெம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் திடீர்ச் சோதனை நடத்தியது. பெயர் பாடசாலையில், பிள்ளை பயிற்சி வகுப்பில் என்ற நிலை வெளிவந்தது. நவம்பரில் 21 பாடசாலைகளின் இணைப்பு இரத்தானது. விலக்களிப்பு வழி திறந்திருந்தும் பொய்ப் பதிவால் அழிந்தவை அவை.

எமது பகுதியிலும் நோய் ஒரு பக்கம், ரியூசன் மறுபக்கம். காலையில் ரியூசனுக்குப் போய்விட்டுக் கடைசியில் மருத்துவச் சான்றிதழ் தேடுபவருக்கு விலக்களிப்பு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் பஸ்ஸுக்குக் காத்து நின்று 304 நாளும் வந்த பிள்ளைக்கு அது அநீதி.

உண்மையான காரணம் உள்ளவர்கள் இதைச் செய்யுங்கள். விண்ணப்பக் காலம் வரும்வரை இருக்காமல், வரவு எத்தனை என்று வகுப்பாசிரியரிடம் இப்போதே கேளுங்கள். வைத்தியசாலை அட்டை, கிளினிக் கொப்பி, வெள்ளத்தில் இடம்பெயர்ந்திருந்தால் கிராம அலுவலரின் கடிதம் என்பவற்றைச் சேருங்கள். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, ஏன் என்று அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவரது பரிந்துரையோடு அதை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை நம்பாமல் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மறுத்தாலும் வாழ்க்கை முடியாது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அதே வினாத்தாளுக்கு அதே நாளில் தோற்றலாம், அந்தப் பெறுபேற்றோடு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கும் முடிவுத் திகதி உண்டு. பதிலுக்குக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

இடாப்பு எங்களிடம் தரப்பட்ட அமானிதம். பிள்ளை வராத நாளை வராத நாளாகவே எழுதுவோம். அந்தப் பிள்ளைக்காகக் கடிதம் எழுத வேண்டுமென்றால், அதற்கும் எங்கள் பேனை தயார்.