பழத்தில் உப்புத் தூவி அனுப்பாதீங்க

எங்கட பெற்றோருக்கு ஒரு சின்ன விடயம் சொல்லணும். இடைவேளையில் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது அதிகமாகக் குப்பைவாளிக்குப் போவது வெட்டிய மாம்பழமும் பப்பாசியும்தான். "எங்கட மகனுக்குப் பழமே பிடிக்காது டீச்சர்" என்று உம்மாமார் சொல்றாங்க. பிறகு பழத்துக்குப் பதிலா பிஸ்கட் பக்கெட் வருது. என்னைக் கேட்டால், பிள்ளைக்குப் பழம் பிடிக்காமல் இல்லை. தண்ணீரில் மிதக்கிற பழம்தான் பிடிக்கல்ல.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது? முதல் காரணம், காலையிலேயே தூவி விடுகிற உப்பும் சீனியும். வெட்டிய பழத்தின் மேல் இவை பட்டதும் உள்ளே இருக்கிற நீரை வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்புப் போட்டு வைத்தால் நீர் விடுவதும் இதனால்தான். ஆறரைக்குத் தூவினால் பத்தரைக்குள் பெட்டியின் அடியில் சாறு நிற்கும். உப்பும் மிளகாய்த்தூளும் விருப்பமென்றால் ஒரு சின்னக் கடதாசியில் மடித்துத் தனியாகக் கொடுங்க. பிள்ளை சாப்பிடும் நேரம் தொட்டுக்கொள்ளட்டும்.

தேசிக்காய்ப் புளியும் தேவையில்லை. ஆப்பிள் போல இந்த இரண்டும் சீக்கிரம் கறுத்துப் போகாது. புளி விட்டால் ஈரமும் கூடும், பழம் பழுதாகிப் புளித்தாலும் நாக்குக்குத் தெரியாமல் போகும்.

இரண்டாவது காரணம் பழத்தின் பதம். விரலால் அழுத்தினால் குழி விழுகிற அளவுக்குக் கனிந்த பப்பாசியை என்ன செய்தாலும் அது நாலு மணித்தியாலம் தாங்காது. தோல் முக்கால்வாசி மஞ்சளாகி, சதை இன்னும் இறுக்கமா இருக்கிற பழம்தான் பெட்டிக்குச் சரி. நல்லாக் கனிந்த கறுத்தக்கொழும்பானை வீட்டில் வைத்துச் சாப்பிடுங்க. பள்ளிக்குக் கொஞ்சம் கெட்டியான மாம்பழம் போதும்.

செய்முறை இதுதான். இரவே பழத்தை முழுசாகக் கழுவி, துடைத்து, பிரிட்ஜில் வையுங்க. பெட்டியையும் மூடியையும் கழுவி, திறந்தபடியே காய விடுங்க. மூடியின் றப்பர் வளையத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவுங்க. பழைய சாறு அங்கேதான் ஒளிந்திருந்து அடுத்த நாள் பழத்தைப் புளிக்க வைக்கும். காலையில், வெங்காயமும் மீனும் வெட்டாத பலகையில், கூரான கத்தியால் வெட்டுங்க. மொட்டைக் கத்தி சதையை நசுக்கிச் சாறு விட வைக்கும். பப்பாசி விதையோடு அதன் கீழே இருக்கிற வழுவழுப்பான படலத்தையும் சுரண்டி எடுங்க. மாங்கொட்டையை ஒட்டிய நார்ச் சதையைப் பெட்டிக்குப் போட வேண்டாம். துண்டுகள் பெருவிரல் அளவு பெரிசா இருக்கட்டும். சின்னதாக வெட்ட வெட்ட, நீர் கசிகிற பக்கங்கள் கூடும். டிஷூவால் ஒற்றி எடுத்து, பெட்டியின் அடியில் ஒரு டிஷூவை மடித்து வைத்து, அதன் மேல் ஒரே அடுக்காக அடுக்குங்க. மாம்பழம் ஒரு பக்கம், பப்பாசி மறுபக்கம். பப்பாசி முதலில் இளகும், அது மற்றதையும் நனைக்கக்கூடாது.

இனி முக்கியமான விடயம் சூடு. வெட்டிய பழத்தை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பதுதான் உணவுப் பாதுகாப்பில் சொல்லப்படும் பொது விதி. 32 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு போனால் ஒரு மணித்தியாலம்தான். எங்கட வகுப்பறைகளுக்கு அது சாதாரணச் சூடு. ஆறரைக்கு வெட்டிப் பத்தரைக்குச் சாப்பிட்டால் நாலு மணித்தியாலம். அதனால் குளிர் கூடவே போகணும். ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை முக்கால்வாசி நிரப்பி இரவே ஐஸாக்குங்க. நிறைய நிரப்பினால் உறையும்போது போத்தல் வெடிக்கும். காலையில் அதைப் பழப்பெட்டியோடு ஒட்ட வைத்து, இரண்டையும் ஒரு துவாயால் சுற்றிப் பையில் வையுங்க. இடைவேளையில் அது குடிக்கிற தண்ணீராகவும் ஆகும். சுடச்சுடச் சோறு கட்டிய பெட்டியோடு பழத்தைச் சேர்த்து வைத்தால் இவ்வளவு வேலையும் வீண்.

பிள்ளைக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்க. திறக்கும்போது மூடி 'புஸ்' என்றாலோ, துண்டில் நுரையோ வழுவழுப்போ இருந்தாலோ, கள்ளு மாதிரிப் புளிச்ச வாடை வந்தாலோ சாப்பிடக்கூடாது. கழுவிச் சாப்பிட்டாலும் சரிவராது. இடைவேளையில் மிஞ்சியதைப் பின்னேர டியூஷனுக்குக் கொண்டு போகவும் கூடாது.

பிரிட்ஜ் இல்லாத வீடுகளும் இருக்கு, அது எனக்குத் தெரியும். அவங்க மாம்பழம் வெட்டி அனுப்பணும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். வாழைப்பழமோ முழுக் கொய்யாவோ கொடுங்க. தோலோடு இருக்கிற பழத்துக்கு ஐஸும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். மாம்பழமும் பப்பாசியும் பள்ளி விட்டு வந்த பிறகு, வெட்டின கையோடு பிள்ளை வீட்டில் சாப்பிடட்டும்.