அரச மரபின் வரிசையில் ஊர் சுற்றலாமா? தில்லிக் கல்விச்சுற்றுலாக்கள் குறித்து

வரலாற்றுத் துறைகள் தில்லிக்குக் கல்விச்சுற்றுலா செல்லும்போது, பயணத் திட்டம் பெரும்பாலும் பாடத்திட்டத்தின் நகலாகவே அமைந்துவிடுகிறது. முதல் நாள் அடிமை வம்சத்தில் தொடங்கி துக்ளக்குகளோடு முடியும். இரண்டாம் நாள் லோடிகளும் தொடக்ககால முகலாயரும் வருவர். மூன்றாம் நாள் ஷாஜஹானில் தொடங்கி பகதூர் ஷா ஜஃபரோடு நிறைவுறும். தாளில் இதைவிட ஒழுங்கான திட்டம் இருக்க முடியாது. ஆனால் தில்லியின் அரசர்கள் வடக்கிலிருந்து தெற்காகவோ கிழக்கிலிருந்து மேற்காகவோ வரிசையாகக் கட்டிச் செல்லவில்லை. முன்னோர் கட்டிய இடத்துக்கே அவர்கள் மீண்டும் மீண்டும் திரும்பிவந்தார்கள். ஆட்சிக்கால வரிசையைப் பின்பற்றும் பேருந்தும் அவ்வாறே வந்த வழியில் திரும்பித் திரும்பி ஓடுகிறது.

பத்து இடங்களைக் கொண்ட ஒரு மூன்றுநாள் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாளில் குதுப் மினார், ஹவுஸ் காஸ், துக்ளகாபாத். இரண்டாம் நாளில் ஃபிரோஸ் ஷா கோட்லா, லோடித் தோட்டம், புராணா கிலா, ஹுமாயூன் கல்லறை. மூன்றாம் நாளில் செங்கோட்டை, சஃப்தர்ஜங் கல்லறை, மெஹ்ரௌலியில் உள்ள ஜஃபர் மஹல். தங்குமிடத்துக்குப் போய்வரும் தூரத்தைத் தவிர்த்து, இவற்றுக்கிடையே வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வரும். சாலைவழித் தூரம் அதைவிடக் கூடுதல்.

இந்தத் திட்டத்தின் குறை கிலோமீட்டர் கணக்கைவிட இரண்டு இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாம் நாள் லோடித் தோட்டத்தில் நிற்கும் மாணவர்களுக்குச் சஃப்தர்ஜங் கல்லறை ஒரு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அது பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால் அன்று அதைப் பார்க்காமல் சென்று, மறுநாள் செங்கோட்டையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் திரும்பி வருகிறார்கள். இரண்டாவது குறை இன்னும் பெரியது. ஜஃபர் மஹல், முதல் நாள் காலையில் அவர்கள் நின்ற குதுப் மினாரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில்தான் உள்ளது. மூன்றாம் நாள் மாலை, நகரின் தென்புற நெரிசலைக் கடந்து மெஹ்ரௌலியின் குறுகிய தெருக்களை அடைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பேருந்து அத்தெருக்களுக்குள் நுழையவும் இயலாது. ஆகவே நேரம் போதாத நாளில் முதலில் கைவிடப்படுவது பட்டியலின் கடைசி இடமே. முகலாய ஆட்சியின் முடிவைச் சொல்ல வேண்டிய இடம் இவ்வாறு ஒவ்வொரு பயணத்திலும் பேருந்துப் பேச்சாகவே முடிந்துவிடுகிறது.

அதே பத்து இடங்களை வட்டாரவாரியாகத் தொகுத்தால் திட்டம் வேறு வடிவம் பெறும். ஒரு நாள் தெற்கு: காலையில் துக்ளகாபாத், பின்னர் குதுப் மினாரும் ஜஃபர் மஹலும், மாலையில் ஹவுஸ் காஸ். இன்னொரு நாள் நடுப்பகுதி: சஃப்தர்ஜங் கல்லறை, லோடித் தோட்டம், புராணா கிலா, ஹுமாயூன் கல்லறை. மற்றொரு நாள் வடக்கு: ஃபிரோஸ் ஷா கோட்லாவும் செங்கோட்டையும், அதைச் சூழ்ந்த ஷாஜஹானாபாத்தும். இடங்களுக்கிடையிலான நேர்கோட்டுத் தூரம் இப்போது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். மிச்சமாகும் தூரம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தூரம் முழுவதும் நாளின் நடுவிலும் மாலையிலும் நெரிசலான சாலைகளில் கழிந்திருக்கும் என்பதை மறக்கலாகாது.

இத்தகைய தொகுப்பை உருவாக்கும் முறை கடினமானதன்று. முதலில் எல்லா இடங்களையும் அவற்றின் காலத்தைக் குறிக்காமல் வரைபடத்தில் புள்ளிகளாக மட்டும் இட வேண்டும். காலத்தை எழுதினால் கண் அந்த வரிசையையே தேடத் தொடங்கும். அடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால் மணி முதல் இருபது நிமிடத்துக்குள் நடந்துசெல்லக்கூடிய புள்ளிகளை ஒரே வட்டத்துக்குள் அடக்க வேண்டும். பின்னர், வட்டத்துக்குள் தடைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். ஹுமாயூன் கல்லறைக்கும் நிஜாமுதீன் தர்காவுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதே. ஆயினும் நடுவே மதுரா சாலை ஓடுகிறது. நாற்பது மாணவர்களை அதன் குறுக்கே அழைத்துச் செல்லும் நேரத்தைத் திட்டத்தில் தனியே சேர்க்க வேண்டும். பெயர்களும் ஏமாற்றக்கூடும். ஹவுஸ் காஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்குபவர் அப்பெயருக்குரிய ஏரியை அடைய இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும்.

அதன் பிறகே கிழமைகளைப் பொருத்த வேண்டும். செங்கோட்டை திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை. ஜும்மா மசூதியில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பார்வையாளர்கள் நுழைய முடியாது. ஆகவே வடக்கு வட்டாரத்துக்கு இவ்விரு நாள்களும் உதவா. நிஜாமுதீன் தர்காவில் வியாழன் மாலைகளில் கவ்வாலி பாடப்படுவதால், நடுப்பகுதிக்கு வியாழக்கிழமையே பொருத்தமானது. செவ்வாயன்று வடக்கு, புதனன்று தெற்கு, வியாழனன்று நடுப்பகுதி என்று திட்டம் இயல்பாகவே அமைந்துவிடும். வட்டாரங்களை முழுத் தொகுதிகளாக வைத்திருப்பதால்தான் இத்தகைய மாற்றம் எளிதாகிறது. காலவரிசைத் திட்டத்தில் ஒரு நாளை நகர்த்தினால் கதையே குலைந்துவிடும் என்று ஆசிரியர் தயங்குவார்.

திட்டம் சரியாக அமைந்ததா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு நாளின் பாதையையும் வரைபடத்தின் மேல் ஒரே கோடாக வரைந்து பார்க்க வேண்டும். கோடு தன்னையே வெட்டினாலோ, ஒரே சாலையில் இருமுறை ஓடினாலோ, ஏதோ ஓர் இடம் தவறான நாளில் இருக்கிறது என்று பொருள். மூன்று நாள்களின் கோடுகளையும் ஒருசேர வரைந்தால், முந்தைய நாளின் கோட்டை அடுத்த நாளின் கோடு எங்கே தொடுகிறது என்பதும் தெரிந்துவிடும். மேலே சொன்ன காலவரிசைத் திட்டத்தில் மூன்றாம் நாளின் முடிவு முதல் நாளின் தொடக்கத்தருகே போய் நிற்பதை இச்சோதனை நொடியில் காட்டிவிடும்.

இம்முறைக்கு எதிராக ஆசிரியர்கள் முன்வைக்கும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. அல்தமிஷையும் ஜஃபரையும் ஒரே நாளில் பார்க்கும் மாணவர் கால உணர்வை இழந்துவிடுவார் என்பது அவர்கள் அச்சம். ஆனால் மெஹ்ரௌலியை ஒரே நாளில் நடந்து பார்ப்பவர் காணும் வரிசை எது? குப்தர் காலத்து இரும்புத் தூண், அதைச் சூழ்ந்து 1190-களில் எழத் தொடங்கிய மசூதி, 1311-இல் முடிந்த அலாய் தர்வாஜா, முகலாய ஆட்சியின் தொடக்கத்தில் எழுந்த ஜமாலி கமாலி, இறுதியில் ஜஃபர் மஹல். ஓர் ஊரின் காலவரிசை ஒரு பேட்டைக்குள்ளேயே அடுக்கடுக்காக இருக்கிறது. அதைக் காண நகரம் முழுவதும் ஓட வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது, கட்டடங்களின் அண்மையே ஒரு வரலாற்றுச் சான்று என்பதாகும். நிஜாமுதீன் அவுலியா 1325-இல் மறைந்தார். அதே ஆண்டில் மறைந்த அமீர் குஸ்ரோவின் கல்லறை அவருக்கு அருகிலேயே அமைந்தது. ஷாஜஹானின் மகள் ஜஹானாராவும், பேரரசர் முகமது ஷாவும் அந்த வளாகத்துக்குள்ளேயே அடக்கமாயினர். ஹுமாயூனின் கல்லறை அவ்வட்டாரத்தில் எழுந்ததற்கும் அந்தத் தர்காவின் அண்மைக்கும் தொடர்பு உண்டு. காலவரிசைத் திட்டம் தர்காவைச் சுல்தான்கள் நாளிலும் ஹுமாயூனை முகலாயர் நாளிலும் வைத்துவிட்டால், மாணவர் இரண்டையும் பார்த்திருப்பார். இரண்டுக்கும் இடையே உள்ள உறவைப் பார்த்திருக்க மாட்டார்.

தில்லியைக் கால்நடையாக அளந்து எழுதியவர்களும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார்கள். சையது அகமது கான் 1847-இல் வெளியிட்ட ‘ஆஸார்-உஸ்-ஸனாதீத்’ நகருக்கு வெளியே உள்ள கட்டடங்கள், கோட்டை, நகரம் என இடவாரியாகவே பிரிக்கப்பட்டிருந்தது. 1854-இன் இரண்டாம் பதிப்பில் அவர் அதைக் காலவரிசைக்கு மாற்றினார். ஆனால் 1916 முதல் 1922 வரை தொல்லியல் துறைக்காக மௌல்வி ஜஃபர் ஹசன் நான்கு தொகுதிகளில் தொகுத்த தில்லி நினைவுச்சின்னப் பட்டியல் மீண்டும் வட்டாரவாரியாகவே அமைந்தது: ஷாஜஹானாபாத்துக்கு ஒரு தொகுதி, மெஹ்ரௌலிக்கு ஒரு தொகுதி என்ற முறையில். படிப்பதற்குக் காலவரிசை உதவும். களத்தில் நிற்பவருக்கு இடவரிசையே உதவும். இரண்டும் வெவ்வேறு பணிகள்.

வட்டார முறைக்கும் எல்லை உண்டு. துக்ளகாபாத் எந்த வட்டத்துக்குள்ளும் அடங்குவதில்லை. குதுப் மினாரிலிருந்து அது ஏழு கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. அதைத் தெற்கோடு சேர்த்தது வசதிக்காகவே. கோட்டைக்குள் நிழல் அரிது என்பதால் அது காலை முதல் இடமாக வைக்கப்பட்டது. கோட்டையையும் எதிரேயுள்ள கியாசுதீன் கல்லறையையும் பொறுமையாகப் பார்க்க விரும்பும் துறை, ஜஃபர் மஹலையோ ஹவுஸ் காஸையோ விட்டுவிட வேண்டியிருக்கலாம். அத்தேர்வை வகுப்பறையில் முன்கூட்டியே செய்வது, மாலை ஆறு மணிக்குப் பேருந்தில் நெரிசல் செய்வதைவிட நல்லது. மற்றொரு பிழை, மிச்சமாகும் நேரத்தில் புதிய இடங்களைத் திணிப்பது. நடுப்பகுதி நாளில் ஏற்கனவே பல கல்லறைகள் உள்ளன. அருகில்தானே என்று மேலும் இரண்டைச் சேர்த்தால் மாணவர்களின் நினைவில் எதுவும் தனித்து நிற்காது.

ஜஃபர் மஹலில், தர்காவை ஒட்டிய சிறு அடைப்புக்குள், ஜஃபரின் முன்னோர் சிலரின் கல்லறைகளுக்கிடையே அவருக்கென ஒதுக்கிய இடம் வெறுமையாகவே இருக்கிறது. அவர் 1862-இல் இரங்கூனில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். மாணவர்கள் அந்த இடத்தின் முன் பகல் வெளிச்சத்தில் நிற்க வேண்டுமானால், குதுப் மினாரைப் பார்க்கும் நாளிலேயே அங்கு நடந்து செல்ல வேண்டும். கல்விச்சுற்றுலாவுக்கு அனுமதி வழங்கும் துறைத்தலைவர்கள் இடங்களின் பட்டியலோடு, ஒவ்வொரு நாளின் பாதையும் வரையப்பட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்கிய பின்னரே கையொப்பமிடுவது நல்லது.